ஏற்காட்டு விடுதியிலிருந்து விமானத்துக்கு: கேபின் க்ரூ பணிக்கான சுயவிவரத்தை எழுதும் முறை

கேபின் க்ரூ பணிக்கு ஆள் எடுக்கும் விமான நிறுவனம், உணவும் தேநீரும் கனிவாகப் பரிமாறத் தெரிந்தவரை மட்டும் தேடுவதில்லை. 50 பயணியர் இருக்கைக்கு ஒரு கேபின் பணியாளராவது இருக்க வேண்டும் என்பது விமானப் பாதுகாப்பு விதி. சேலம் காமலாபுரம் நிலையத்தில் இறங்கும் 78 இருக்கை ஏடிஆர் விமானத்தில் இருவரும், 180 இருக்கை கொண்ட ஏர்பஸ் 320 விமானத்தில் நால்வரும் பணியாற்றுவது இந்தக் கணக்கின்படிதான். அவர்கள் அங்கே இருப்பதற்கான முதற்காரணம், ஆபத்து நேரத்தில் பயணிகளை வெளியேற்றுவது. சேவை என்பது அதற்கு அடுத்த கடமை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சுயவிவரத்தை எழுதத் தொடங்கினால், எந்த வரி இருக்க வேண்டும், எந்த வரி தேவையில்லை என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருந்து விண்ணப்பிக்கும் பலருக்கு விமான அனுபவம் இருப்பதில்லை. ஆனால் விடுதிகளிலும் உணவகங்களிலும் ஜவுளிக்கடைகளிலும் மருத்துவமனை வரவேற்பிலும் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தைச் சுயவிவரத்தில் சரியாக எழுதுவதைப் பற்றியே இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுக்காக ஒரு விண்ணப்பதாரரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வயது 23, பட்டப்படிப்பு முடித்தவர், ஏற்காட்டில் 40 அறைகள் கொண்ட ஒரு விடுதியில் முதல் ஓராண்டு உணவகத்திலும் அடுத்த ஓராண்டு வரவேற்பு மேசையிலும் பணியாற்றியிருக்கிறார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், வேலையில் ஆங்கிலமும் ஓரளவு கன்னடமும் பேசுகிறார். முதலுதவிச் சான்றிதழ் ஒன்று வைத்திருக்கிறார். விடுதியில் தீத்தடுப்புப் பயிற்சியிலும் கலந்துகொண்டிருக்கிறார். சுயவிவரம் ஆங்கிலத்தில்தான் எழுதப்படும் என்றாலும், ஒவ்வொரு வரியிலும் என்ன சொல்ல வேண்டும் என்பதை இங்கே தமிழில் காட்டுகிறேன்.

பெயரும் தகுதி விவரங்களும்

முதலில் சரிசெய்ய வேண்டியது பெயர். தமிழ்நாட்டில் மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்தத் தலைப்பெழுத்து விரிவாக்கப்பட்டுத் தந்தையின் பெயர் முழுமையாக வந்திருக்கும். ஆதாரில் வேறொரு வகையில் இருக்கும். விமான நிறுவனத்தின் இணையப் படிவமோ முதற்பெயர், இறுதிப்பெயர் என்று தனித்தனியாகக் கேட்கும். இந்தக் குழப்பத்துக்கு ஒரே தீர்வு, பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக் கூட்டில் எந்த வரிசையில் பெயர் இருக்கிறதோ, அதையே சுயவிவரத்திலும் படிவத்திலும் கோப்பின் பெயரிலும் பயன்படுத்துவதுதான். மதிப்பெண் சான்றிதழில் பெயர் வேறு வகையில் இருந்தால் அதைச் சுயவிவரத்தில் விளக்க வேண்டியதில்லை. ஆவணச் சரிபார்ப்பின்போது காட்டத் தேவையான சான்றைத் தயாராக வைத்திருந்தால் போதும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட் கையில் உள்ளது என்பதையும் அது செல்லுபடியாகும் கடைசி நாளையும் பக்கத்தின் மேற்பகுதியில் ஒரே வரியில் குறிப்பிடலாம். எண்ணைக் குறிப்பிட வேண்டாம்.

பெயருக்குக் கீழே கைபேசி எண், மின்னஞ்சல், ஊர், மாவட்டம் ஆகியவை போதும். நமக்குப் பழக்கமான பயோடேட்டா வடிவத்தில் வரும் தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, ஆதார் எண், இறுதியில் வரும் உறுதிமொழி வாசகம், ஊர், நாள், கையொப்பம் ஆகிய எதுவும் இங்கே தேவையில்லை. குறிப்பாக ஆதார் எண்ணைப் பலரது கைக்குப் போகும் ஒரு தாளில் எழுதவே கூடாது.

உயரத்தைச் சென்டிமீட்டரில், காலணி இல்லாமல் சுவரோரம் நின்று அளந்து எழுத வேண்டும். நேர்முகத் தேர்வு நடக்கும் இடத்தில் பெரும்பாலும் முதலிலேயே உயரத்தை அளந்துவிடுகிறார்கள் என்பதால், கூட்டி எழுதும் இரண்டு சென்டிமீட்டர் அங்கேயே வெளிப்பட்டு, மற்ற வரிகளின் மீதும் ஐயத்தை ஏற்படுத்தும். சில நிறுவனங்கள் கை எட்டும் உயரத்தையும் பார்க்கின்றன. எடுத்துக்காட்டாக, எமிரேட்ஸ் நிறுவனம் குறைந்தது 160 செ.மீ. உயரத்தையும் 212 செ.மீ. வரை கை எட்டுவதையும் கேட்கிறது. இருக்கைக்கு மேலுள்ள அறைகளில் வைக்கப்பட்டிருக்கும் அவசரக் கருவிகளை எட்டி எடுக்க முடிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். நிறுவனம் கேட்டிருந்தால் மட்டும் இந்த அளவைச் சேர்த்தால் போதும். வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், ஒவ்வொரு முறையும் அந்த நிறுவனத்தின் அறிவிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் கேட்கப்பட்டிருக்கும் தகுதிகள் எல்லாம் பக்கத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் வந்துவிட்டனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சேவை அனுபவம்

நம் விண்ணப்பதாரர் முதலில் எழுதியிருந்த வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “விருந்தினர்களை வரவேற்று, உணவு பரிமாறி, அவர்களின் முழுத் திருப்தியை உறுதிசெய்தேன்.” இந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை நாட்டில் உள்ள எந்த உணவக ஊழியரும் எழுதலாம் என்பதால், படிப்பவருக்கு இவரைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. “திருப்தியை உறுதிசெய்தேன்” என்பதைப் பார்த்து நேர்காணலில் ஒரு கேள்வி கூடக் கேட்க முடியாது. எந்த வரியைப் பார்த்தும் “அப்போது என்ன நடந்தது? நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்க முடிகிறதோ, அந்த வரிதான் பயன்படும்.

ஆகவே சுயவிவரத்தை எழுதத் தொடங்கும் முன் ஒரு நோட்டில், வேலையில் நினைவில் நிற்கும் நாட்களை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். கூட்டம் நெரிந்த நாள், யாரோ கோபப்பட்ட நாள், ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போன நாள், மின்சாரம் நின்ற நாள், ஒருவர் கேட்டதைத் தர முடியாது என்று மறுக்க வேண்டியிருந்த நாள் என்று பத்துப் பன்னிரண்டு நிகழ்ச்சிகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எவ்வளவு நேரம், நீங்கள் எடுத்த முடிவு என்ன, முடிவு எப்படி அமைந்தது என்று நான்கு குறிப்புகள் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றில் விமானத்திலும் நிகழக்கூடிய நிகழ்ச்சிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஏற்காடு போன்ற மலை ஊரில் வேலை செய்தவருக்கு இதில் உண்மையான ஓர் அனுகூலம் உண்டு.

முதலாவது, உணவு நேரம். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் விடுதி நிரம்பியிருக்கும். காலைச் சிற்றுண்டி நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வருவார்கள். அந்த நிலைமையை இப்படி எழுதலாம்:

“40 அறை விடுதியின் உணவகத்தில், கோடைக்காலத்தில் காலை 7.30 முதல் 10 மணி வரை சுமார் 90 விருந்தினர்களுக்கு மூவர் குழுவில் ஒருவராகப் பரிமாறினேன். சைவம், ஜைன உணவு, ஒவ்வாமை தொடர்பான கோரிக்கைகளைச் சமையலறைக்கு எழுத்தில் தெரிவித்து, தட்டு மேசைக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன்.”

இந்த வரிகளில் நேர நெருக்கடியும், குழுவாக வேலை செய்ததும், தனி உணவுக் கோரிக்கையைக் கவனித்ததும் இருக்கின்றன. விமானத்தில் முன்பதிவு செய்த சிறப்பு உணவு தவறான இருக்கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அறிந்தவருக்கு, “எழுத்தில் தெரிவித்து” என்ற சிறு சொற்றொடரே இவரது பழக்கத்தைக் காட்டிவிடும். எண்ணிக்கைகளை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். சரியாகத் தெரியாத இடத்தில் “சுமார்” என்று எழுதலாம். ஆனால் 90 பேரை 300 பேர் ஆக்கினால், 40 அறை விடுதியில் அது எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி உடனே எழும்.

இரண்டாவது, தாமதம். கனமழையில் மண்ணோ மரமோ சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்து நிறுத்தப்படும் நாட்களில், காலி செய்துவிட்டுக் கிளம்ப இருந்தவர்கள் வரவேற்பு மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களும் குழந்தைகளோடு இருப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். பாதை எப்போது திறக்கும் என்பது ஊழியருக்கும் தெரியாது. விமானம் தாமதமாகும்போது கேபின் பணியாளர் நிற்கும் நிலையும் அச்சாக இதுதான்: தன் கையில் இல்லாத ஒன்றுக்காக மக்களை அமைதிப்படுத்த வேண்டும், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவும் கூடாது. வரவேற்பு மேசையில் ஓராண்டு இருந்த நம் விண்ணப்பதாரர் இதை ஒரு வரி கூட எழுதாமல் விட்டிருந்தார் என்றால், தன்னிடம் உள்ள சிறந்த சான்றையே விட்டுவிட்டார் என்று பொருள். அதை இப்படிச் சேர்க்கலாம்:

“மழையால் மலைப்பாதை மூடப்பட்ட மாலையில், கிளம்ப இருந்த 22 விருந்தினர்களுக்கு உறுதியான தகவல்களை மட்டும் மணிக்கு ஒருமுறை தெரிவித்தேன், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பங்களுக்கு முதலில் அறை ஒதுக்கினேன், மறுநாள் காலை அனைவரும் பாதுகாப்பாகப் புறப்பட்டனர்.”

மூன்றாவது, உடல்நலக் குறைவு. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் விருந்தினர்களில் சிலருக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் ஏற்படுவதை அங்கே வேலை செய்யும் யாரும் வாரந்தோறும் பார்த்திருப்பார்கள். அவர்களை உட்கார வைத்து, காற்றோட்டம் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, நிலைமை சீராகும் வரை உடனிருந்து, தேவைப்பட்டபோது 108 ஆம்புலன்ஸை அழைத்த அனுபவம் விமானப் பணிக்கு நேரடியாகப் பொருந்தும். ஆனால் இதை எழுதும்போது இரண்டு எல்லைகளைக் கடக்கக் கூடாது. விருந்தினரின் பெயரையோ நோயையோ குறிப்பிடக் கூடாது; “சிகிச்சை அளித்தேன்”, “மாத்திரை கொடுத்தேன்” என்று எழுதக் கூடாது. முதலுதவியாளர் செய்வது உதவிதான். சிகிச்சை மருத்துவரின் வேலை. அந்த வேறுபாட்டை அறியாதவர் என்ற எண்ணம் ஏற்பட்டால், அந்த வரி நன்மையைவிடத் தீமையே செய்யும்.

நான்காவதாக, மறுத்த அனுபவம் ஒன்றைச் சேர்ப்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். பெரும்பாலான சுயவிவரங்கள் எல்லாக் கோரிக்கைகளையும் நிறைவேற்றியதாகவே எழுதுகின்றன. விமானத்திலோ, போதையில் இருக்கும் பயணிக்கு மேலும் மது தர மறுப்பதும், விமானம் இறங்கும்போது எழுந்து நிற்பவரை உட்காரச் சொல்வதும் அன்றாடக் கடமைகள். விடுதியில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஓர் அறையில் ஆட்கள் தங்கக் கேட்டதை மறுத்து, வேறு அறையை ஏற்பாடு செய்து தந்த நிகழ்ச்சி இருந்தால், அது மேலே சொன்ன மூன்றையும்விட அரிதான சான்று. மறுத்ததோடு மாற்று வழி ஒன்றைக் காட்டியதும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

இந்த நான்கு வரிகளையும் விடுதியின் பெயர், ஊர், பதவி, தொடங்கிய மாதம், முடித்த மாதம் ஆகியவற்றுக்குக் கீழே வைத்தால் சேவைப் பகுதி முடிந்துவிடும். ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவருக்குத் தீபாவளிக் கூட்டமும் பொருளை மாற்றித் தரச் சொல்லிக் கோபப்படுபவரும், மருத்துவமனை வரவேற்பில் இருந்தவருக்குப் பதற்றத்தோடு வரும் உறவினர்களும் இதே வேலையைச் செய்வார்கள். தேர்ந்தெடுக்கும் முறை மாறாது.

மொழிகள்

“அறிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், இந்தி, தெலுங்கு, கன்னடம்” என்று ஒரே வரியில் அடுக்கிவிட்டால், ஐந்தையும் ஒரே அளவில் அறிந்தவர் என்று பொருளாகும். நேர்காணல் நடத்துபவர்களில் ஒருவர் திடீரென்று இந்தியில் ஒரு கேள்வி கேட்டு, பதில் வராமல் போனால், அதன்பின் ஆங்கிலத்தில் சொல்லும் பதில்களும் நம்பிக்கை இழந்து கேட்கப்படும். ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, முடிந்தால் அந்த மொழியை எங்கே பயன்படுத்தினீர்கள் என்பதையும் சேர்க்க வேண்டும்.

சேலம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். பள்ளிக் காலத்தில் தட்சிண பாரத் இந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா தேர்வுகளை எழுதித் தேறியவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களால் இந்தியைப் படிக்கவும் எழுதவும் முடியும். ஆனால் பேசிப் பழகாததால் ஒரு பயணியின் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வராது. அப்படிப்பட்டவர் “இந்தி: படிக்கவும் எழுதவும் தெரியும், ராஷ்ட்ரபாஷா தேர்ச்சி, எளிய உரையாடல் மட்டும்” என்று எழுதுவதே சரி. உள்நாட்டு விமானங்களில் இந்தி அதிகம் தேவைப்படுவதால், விண்ணப்பித்த நாளிலிருந்து நேர்காணல் நாள் வரை இருக்கையைக் காட்டுவது, பெல்ட்டைப் போடச் சொல்வது, உணவு என்ன வேண்டும் என்று கேட்பது, மன்னிப்புக் கேட்பது ஆகிய நான்கு சூழல்களையாவது வாய்விட்டுப் பேசிப் பழகிக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. வீட்டில் பேசும் மொழியைப் பலர் எழுதுவதே இல்லை. சேலத்தில் தெலுங்கு, கன்னடம், உருது, சௌராஷ்டிரம் ஆகியவற்றை வீட்டில் பேசும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. எழுத்து தெரியாது என்பதாலேயே அந்த மொழியை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. விமானத்தில் பதறிப்போன ஒரு மூதாட்டியிடம் பேச எழுத்து தேவையில்லை. நம் விண்ணப்பதாரரின் தெலுங்கை “சரளமாகப் பேசுவேன், வீட்டு மொழி, படிக்கத் தெரியாது” என்றும், கன்னடத்தை “பெங்களூரிலிருந்து வரும் விருந்தினர்களிடம் அறை, உணவு, வழி பற்றிப் பேசும் அளவுக்கு” என்றும் எழுதினால், அது உண்மையாகவும் இருக்கும், பயனுள்ளதாகவும் இருக்கும். தமிழையும் “தாய்மொழி” என்ற ஒரே சொல்லோடு விட்டுவிட வேண்டாம். எழுதிக் கொடுத்த அறிவிப்பைத் தடையில்லாமல் உரக்கப் படிக்க முடியுமானால் அதையும் சேர்க்கலாம்; தமிழ்நாட்டு நகரங்களுக்கும் சிங்கப்பூர், கொழும்பு, வளைகுடா நாடுகளுக்கும் செல்லும் தடங்களில் அந்தத் திறன் தேவைப்படும்.

முதலுதவி

“முதலுதவி தெரியும்” என்ற வரிக்கு மதிப்பில்லை. யார் பயிற்சி அளித்தார்கள், பயிற்சியின் பெயர் என்ன, எந்த மாதம் எந்த ஆண்டு முடித்தீர்கள், சான்றிதழ் எதுவரை செல்லும், கையால் செய்து பழகியவை எவை என்ற ஐந்தும் இருந்தால்தான் அது ஒரு தகுதியாகும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்திய செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை முதலுதவிப் பயிற்சி தருகின்றன. மருத்துவமனைகளோடு இணைந்த சில மையங்கள் அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை நடத்துகின்றன. அந்தச் சான்று 2 ஆண்டுகள் செல்லும். பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸிலோ கல்லூரியில் யூத் ரெட் கிராஸிலோ உறுப்பினராக இருந்தது நல்ல விஷயம்தான். ஆனால் உறுப்பினர் என்பது வேறு, முதலுதவிச் சான்றிதழ் பெற்றவர் என்பது வேறு. இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் கலந்து எழுதக் கூடாது. முழுவதும் காணொளி பார்த்துப் பெற்ற இணையச் சான்றிதழாக இருந்தால் அதையும் மறைக்காமல் “இணையவழி, செய்முறை இல்லை” என்று குறிப்பிட வேண்டும்.

நம் விண்ணப்பதாரரின் வரி இப்படி அமையலாம்: பயிற்சியின் பெயர், நிறுவனம், மாதமும் ஆண்டும், செல்லுபடியாகும் நாள், அதை அடுத்து “பொம்மையில் செய்து பழகியவை: பெரியவர்களுக்கான இதய இயக்க மீட்பு, தொண்டையில் உணவு அடைத்தவருக்கு உதவுதல், மயங்கியவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்தல்.”

இந்த வரியை எழுதினால் அதைப் பற்றிக் கேட்பார்கள் என்பதை எதிர்பார்த்தே எழுத வேண்டும். சுயநினைவின்றி, இயல்பாக மூச்சுவிடாமல் கிடப்பவரைக் கண்டால், உதவிக்கு ஆளை அழைத்து, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதும், 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்பதும் தயங்காமல் வாயில் வர வேண்டும். வராவிட்டால் சான்றிதழ் பழையதாகி மறந்துவிட்டது என்று பொருள். அனுப்பும் முன் ஒருமுறை மீண்டும் பழகிக்கொள்ள வேண்டும். தேர்வானபின் நிறுவனமே முதலுதவியைப் புதிதாகக் கற்றுத் தரும் என்பதால், இந்தச் சான்றிதழ் இல்லாதவர் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டியதில்லை. இருப்பவருக்கு அது, இந்தப் பணி எதைக் கேட்கும் என்பதை அறிந்து முன்கூட்டியே தயாரானவர் என்று காட்டும்.

பாதுகாப்புப் பயிற்சி

மிக அதிகமான தவறான வரிகள் எழுதப்படுவது இந்தப் பகுதியில்தான். தனியார் விமானப் பணிப் பயிற்சி நிலையங்களில் படித்தவர்கள் “விமானப் பாதுகாப்பு மற்றும் அவசரகால நடைமுறைகளில் சான்று பெற்றவர்” என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் கேபின் பணியாளராகப் பறப்பதற்குத் தேவையான அந்தப் பயிற்சியை, விமான நிறுவனம் தேர்ந்தெடுத்தபின், இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தின்படி, தான் இயக்கும் விமான வகைக்கு ஏற்பவே தருகிறது. கதவைத் திறப்பதும், சறுக்கு மிதவையை இயக்குவதும், புகையிலும் தீயிலும் செயல்படுவதும், தண்ணீரில் இறங்க நேர்ந்தால் செய்ய வேண்டியதும் அங்கேதான் கற்றுத் தரப்பட்டுத் தேர்வும் வைக்கப்படும். ஒரு விமான வகை அங்கீகாரம் பெற வேண்டுமானால், பாதி வாயில்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட நேரக் கணக்கில் இயங்கும் பயிற்சியை வேறொரு வகுப்பறைச் சான்றிதழ் ஈடுசெய்ய முடியாது. நீங்கள் அத்தகைய நிலையத்தில் படித்திருந்தால் “அறிமுகப் பயிற்சி” என்று எழுதி, நிலையத்தின் பெயரையும் காலத்தையும் குறிப்பிட்டால் போதும். அந்தச் சொல் உங்களைத் தாழ்த்தாது. மிகைப்படுத்திய சொல்லை, படிப்பவர் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்.

அதே சமயம், விடுதியில் உண்மையாகவே பெற்ற பாதுகாப்புப் பயிற்சியைப் பலர் சாதாரணமானது என்று விட்டுவிடுகிறார்கள். தீயணைப்புக் கருவியைக் கையில் எடுத்து, பூட்டூசியை இழுத்து, தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பீய்ச்சிப் பழகியிருந்தால் அதை எழுத வேண்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும், மின்சாரத் தீக்குக் கரியமில வாயுக் கருவி பயன்படும் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்றால், நேர்காணலில் அதைப் பற்றிப் பேச முடியும். வெளியேற்றப் பயிற்சியில் உங்கள் பொறுப்பு என்னவாக இருந்தது என்பதையும் குறிப்பாக எழுதுங்கள்:

“விடுதியின் தீ வெளியேற்றப் பயிற்சியில் இரண்டாம் தளத்துக்குப் பொறுப்பாளர்: அறைகளைத் தட்டிச் சோதித்து, விருந்தினர்களைப் படிக்கட்டு வழியாகக் கூடுமிடத்துக்கு அனுப்பி, பதிவேட்டோடு எண்ணிக்கையைச் சரிபார்த்தேன்.”

இதைவிடக் கேபின் பணிக்கு நெருங்கிய ஒரு வரியை விமான அனுபவம் இல்லாதவரால் எழுத முடியாது என்பது என் உறுதியான கருத்து. மின்தூக்கியைத் தவிர்த்தது, கடைசி அறை வரை சோதித்தது, எண்ணிக்கை பார்த்தது ஆகிய ஒவ்வொன்றையும் பற்றிக் கேள்வி கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கும். உணவு கையாள்பவர்களுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபோஸ்டாக் பயிற்சிச் சான்று, என்சிசி சான்று, நீச்சல் தெரியும் என்ற விவரம் ஆகியவை இருந்தால் இதே பகுதியில் ஒவ்வொரு வரியாகச் சேர்க்கலாம். நீச்சலில் எத்தனை மீட்டர் நிற்காமல் நீந்த முடியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

பக்க அமைப்பும் அனுப்புதலும்

எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். வரிசையைப் பொறுத்தவரை, பெயரும் தகுதி விவரங்களும், பிறகு சேவை அனுபவம், பாதுகாப்பும் முதலுதவியும், மொழிகள், கடைசியாகக் கல்வி என்று வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். தொடக்கத்தில் “சவாலான பணியில் என் திறமையை நிரூபிக்க விரும்புகிறேன்” என்பது போன்ற நோக்க வாசகம் வேண்டாம், அந்த இடத்தில் “மலை விடுதியில் 2 ஆண்டு உணவக, வரவேற்புப் பணி, தெலுங்கும் தமிழும் சரளம், முதலுதவிச் சான்று பெற்றவர்” என்ற வகையில் ஒரு வாக்கியம் போதும். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளே வாசித்துப் பிரிப்பதால், வண்ணப் பட்டைகள், இரட்டைப் பத்திகள், மொழித் திறனைக் காட்டும் நட்சத்திரக் குறிகள் ஆகியவற்றைத் தவிர்த்து, எளிய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். கோப்பின் பெயரில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் இருக்க வேண்டும்:

`Firstname_Lastname_CabinCrew.pdf`

புகைப்படத்தை நிறுவனம் தனியாகப் பதிவேற்றச் சொன்னால் சுயவிவரத்தில் ஒட்ட வேண்டாம். முழு உருவப் படம் கேட்டிருந்தால், வெற்றுச் சுவருக்கு முன் பகல் வெளிச்சத்தில் எடுத்தது போதும். ஏரிக்கரையிலோ காட்சிமுனையிலோ சுற்றுலாவின்போது எடுத்த படத்தை வெட்டி அனுப்பக் கூடாது.

அனுப்பும் முன், உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் “அப்புறம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாத வரிகளை நீக்கிவிடுங்கள் அல்லது திருத்துங்கள். மாதங்களும் ஆண்டுகளும் விடுதி தந்த அனுபவச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நேரில் வரச் சொல்லும் தேர்வுகளுக்கு, அனுப்பிய அதே சுயவிவரத்தின் அச்சுப்படிகள் சிலவற்றையும் முதலுதவி, தீப்பயிற்சிச் சான்றிதழ்களின் மூலங்களையும் எடுத்துச் செல்ல வேண்டும். முதலுதவிச் சான்றிதழின் காலம் தேர்வு நாளுக்குள் முடிவதாக இருந்தால், புதுப்பிக்கும் பயிற்சிக்குப் பதிவு செய்த நாளையும் அந்த வரியிலேயே குறிப்பிடுங்கள்.